செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம்

செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் என்பது கான்கிரீட் கூரையின் மேல், உடைத்த செங்கல்லையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, பல நாட்கள் அடித்து இறுக்கி அமைக்கப்படும் ஓர் அடுக்கு ஆகும். தமிழ்நாட்டில் கட்டட வேலை செய்வோர் இதனை ‘சுருக்கி போடுதல்’ என்றும், பொறியாளர்கள் ‘வெதரிங் கோர்ஸ்’ என்றும் குறிப்பிடுவர். சுருக்கி என்ற சொல்லின் நேர்ப்பொருள் செங்கல் தூள் என்பதே. நாளடைவில் அது முழுத் தளத்திற்கும் பெயராகிவிட்டது. இத்தளத்தின் மேல் தட்டோடு பதித்து முடிப்பது வழக்கம்.

இவ்வடுக்கு இரண்டு வேலைகளைச் செய்கிறது. மொட்டை மாடியில் விழும் மழைநீர் தேங்காமல் வடிகுழாயை நோக்கி ஓடுவதற்கு வேண்டிய சரிவைத் தருவது ஒன்று. வெயிலின் வெப்பம் கான்கிரீட் கூரைக்குள் இறங்குவதைக் குறைப்பது மற்றொன்று. இவ்விரண்டும் நிறைவேற வேண்டுமானால் தளம் இறுகியதாகவும் உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். அடிக்காமல் விடப்பட்ட தளம் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அப்போது அது கூரைக்குப் பாதுகாப்பாக இராமல், கூரையின் மீது ஏற்றி வைத்த ஈரச் சுமையாகிவிடும்.

தோற்றம்

கம்பி கட்டிய கான்கிரீட் கூரை பரவுவதற்கு முன், தமிழ்நாட்டில் ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் கூரைமுறை வழக்கில் இருந்தது. தேக்கு உத்தரங்களை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டில் நிறுத்திக் கட்டுவர். அதன் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவையை இட்டு அடித்து, மேலே தட்டோடு பதிப்பர். பின்னர் உத்தரமும் குத்துக்கல்லும் இருந்த இடத்தைக் கான்கிரீட் பலகம் பிடித்துக்கொண்டது. மேலிருந்த இரண்டு அடுக்குகள் மட்டும் மாறாமல் நின்றன. இன்று நாம் காணும் சுருக்கித் தளம் அந்தப் பழைய கூரையின் மேற்பாதியே ஆகும்.

சுண்ணாம்பு ஏன் தேவைப்படுகிறது?

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டால், அதிலுள்ள கால்சியம் கார்பனேட் (CaCO₃) கரியமில வாயுவை இழந்து சுட்ட சுண்ணாம்பாக (CaO) மாறும். அதில் நீர் ஊற்றும்போது பெரும் வெப்பத்துடன் பொரிந்து நீற்றிய சுண்ணாம்பு (Ca(OH)₂) ஆகிறது. கட்டடத்தில் இட்டபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகக் கல்லைப் போல் இறுகுகிறது. இது நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நடக்கும் மாற்றம். இதனுடன், உடைந்த செங்கல்லில் இருக்கும் நுண்ணிய தூளும் சுண்ணாம்புடன் வினைபுரிந்து, காற்றுப் புகாத உட்பகுதியிலும் ஓரளவு இறுக்கத்தைத் தருகிறது.

சுண்ணாம்பின் இந்த மெதுவான குணமே இங்குப் பயன்படுகிறது. சிமெண்ட் சில மணி நேரத்தில் இறுகிவிடும். இறுகத் தொடங்கிய பின் அதனை அடித்தால், பிடித்த பிடிப்பு உடைந்துவிடும். சுண்ணாம்புக் கலவையோ ஒரு வாரம் வரை அடி வாங்கும் நிலையில் இருக்கும். ஒவ்வொரு நாளும் அடிக்க அடிக்க ஜல்லிகள் நெருங்கி அமர்ந்து, இடையிலுள்ள காற்றும் மிகுதி நீரும் வெளியேறுகின்றன. இறுகிய பின்னும் சுண்ணாம்புத் தளம் சிமெண்ட் அளவு விறைப்பாக இருப்பதில்லை. கூரை வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது, பெரிய வெடிப்பு விடாமல் அது ஓரளவு ஈடுகொடுக்கிறது.

பொருள்களும் அளவும்

செங்கல் நன்றாக வெந்ததாக இருக்க வேண்டும். அதனை 20 மில்லிமீட்டர் அளவுள்ள ஜல்லியாக உடைப்பர். வேகாத செங்கல் அடியில் நொறுங்கி மண்ணாகிவிடும். அளவு கடந்து வெந்து கருகிய செங்கல் சுண்ணாம்புடன் சேராது. பழைய கட்டடத்தை இடித்த செங்கல்லைப் பயன்படுத்தினால், அதில் ஒட்டியுள்ள பூச்சும் உப்பும் தளத்திற்குள் வந்துசேரும். கடலோர ஊர்களில் இதனைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறை வழக்கப்படி, 32 பங்கு ஜல்லிக்கு 12.5 பங்கு நீற்றிய சுண்ணாம்பு சேர்க்கப்படுகிறது. மணல் சேர்ப்பதில்லை. இந்த விகிதம் விநோதமாகத் தோன்றினாலும் இதற்கு எளிய காரணம் உண்டு. ஒரே அளவாக உடைத்த ஜல்லியை ஒரு பெட்டியில் நிரப்பினால், பெட்டியின் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடமாக இருக்கும். 32-இல் 12.5 என்பதும் அதே ஐந்தில் இரண்டு பங்குதான். அதாவது, ஜல்லிகளுக்கு இடையிலுள்ள சந்துகளை நிரப்பத் தேவையான சுண்ணாம்பு மட்டுமே சேர்க்கப்படுகிறது. சுண்ணாம்பைக் குறைத்தால் சந்துகள் சந்துகளாகவே நின்றுவிடும்.

நீற்றிய சுண்ணாம்பைச் சலித்தே பயன்படுத்த வேண்டும். நீறாத சிறு கட்டிகள் தளத்திற்குள் போய்விட்டால், பின்னாளில் ஈரம் பட்டு அங்கேயே பொரிந்து வீங்கி, மேல்பரப்பைப் பெயர்த்துவிடும். ஜல்லியையும் கலப்பதற்கு முன் நன்றாக நனைக்க வேண்டும். உலர்ந்த செங்கல் சுண்ணாம்பின் நீரை உறிஞ்சிக்கொண்டால் கலவை பிடிப்பின்றி உதிரும்.

சரிவைக் கணக்கிடுதல்

9 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு மொட்டை மாடியை எடுத்துக்கொள்வோம். பரப்பு 54 சதுர மீட்டர். 60-க்கு 1 என்ற சரிவு தருவதாகவும், வடிகுழாய் ஓரத்தில் தளத்தின் கனம் 60 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் எனவும் வைத்துக்கொள்வோம்.

வடிகுழாய்களை நீளப் பக்கம் ஒன்றில் மட்டும் வைத்தால், நீர் 6 மீட்டர் ஓட வேண்டும். அதற்கு வேண்டிய உயர வேறுபாடு 6000 ÷ 60 = 100 மில்லிமீட்டர். எதிர்ப்பக்கத்தில் தளத்தின் கனம் 160 மில்லிமீட்டர் ஆகும். சராசரி கனம் 110 மில்லிமீட்டர். மொத்தக் கலவை 54 × 0.11 = 5.94 கன மீட்டர்.

வடிகுழாய்களை இரண்டு நீளப் பக்கங்களிலும் வைத்து, நடுவில் முகடு கொடுத்தால், நீர் எந்தப் பக்கமும் 3 மீட்டர் மட்டுமே ஓடும். உயர வேறுபாடு 50 மில்லிமீட்டர். முகட்டில் கனம் 110, ஓரத்தில் 60, சராசரி 85 மில்லிமீட்டர். கலவை 54 × 0.085 = 4.59 கன மீட்டர் போதும்.

இத்தளத்தின் எடை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1800 கிலோ. எனவே முதல் முறையில் கூரை தாங்க வேண்டிய எடை ஏறத்தாழ 10.7 டன், இரண்டாம் முறையில் 8.3 டன். வடிகுழாயின் இடத்தை மாற்றியதால் மட்டுமே 2.4 டன் குறைகிறது. சதுர மீட்டருக்குப் பார்த்தால் முதல் முறையில் 198 கிலோ, இரண்டாவதில் 153 கிலோ. மக்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதிகள் எதிர்பார்க்கும் நடமாட்டச் சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். தட்டோடும் அதன் சாந்தும் இதற்கு மேல் 60 முதல் 80 கிலோ சேர்க்கும். ஆகவே வடிகுழாய்கள் எங்கே வரும் என்பதைக் கூரை வார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து, தளத்தின் எடையைப் பொறியாளரின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஓரத்தை வந்தடைந்த நீர் அங்கிருந்து குழாய் வாய்க்குச் செல்ல ஓரத்திலும் சிறிது வாட்டம் வேண்டும். அதற்கான சிறு கூடுதல் கலவை மேற்கண்ட கணக்கில் சேர்க்கப்படவில்லை.

செய்முறை

முதலில் கூரையின் மேற்பரப்பைக் கழுவி, வெடிப்போ ஒழுகலோ இருந்தால் அதனைச் சரிசெய்ய வேண்டும். கான்கிரீட்டில் உள்ள குறையைச் சுருக்கித் தளம் மறைக்கும், தீர்க்காது. பின்னர் மாடியின் பல இடங்களில் சிறு மேடைகளைப் போல அடையாளக் கட்டிகள் வைத்து, நூல் கட்டி, ஒவ்வோர் இடத்திலும் தளம் முடிய வேண்டிய உயரத்தைக் குறிப்பர். கலவை அடியில் அமுங்கும் என்பதால், குறியைவிடச் சற்று உயரமாகவே பரப்ப வேண்டும்.

பரப்பிய கலவையை முதலில் சிறிய திமிசுக்கட்டையால் இடித்துச் சரிவைச் சரிசெய்வர். அதன்பின் விளிம்பு மழுங்கிய மரத்தட்டுகளால் அடிக்கும் வேலை தொடங்கும். முற்காலத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, பாட்டின் தாளத்திற்கேற்ப அடித்துக்கொண்டே நகர்வது வழக்கம். அடி ஒரே சீராக விழுவதற்கு அந்தத் தாளம் உதவியது. அடிக்கும்போது மேற்பரப்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பர்.

இந்நீரின் அளவைச் சுண்ணாம்புக் கூரைத் தளத்திற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3036 தருகிறது. 10 சதுர மீட்டருக்கு 600 கிராம் கடுக்காய், 200 கிராம் வெல்லம், 40 லிட்டர் நீர். கடுக்காயைச் சிறு துண்டுகளாக உடைத்து 12 முதல் 24 மணி நேரம் ஊறவிட்டு, தெளிந்த நீரை இறுத்துப் பயன்படுத்த வேண்டும். நமது 54 சதுர மீட்டர் மாடிக்கு இது 3.24 கிலோ கடுக்காய், 1.08 கிலோ வெல்லம், 216 லிட்டர் நீர் என்றாகும். வெல்லத்திலுள்ள சர்க்கரை, சுண்ணாம்பு நீரில் கரையும் அளவைக் கூட்டுகிறது. அடிக்கும்போது அந்தச் சுண்ணாம்பு நீர் நுண்ணிய சந்துகளுக்குள் இறங்கி அவற்றை அடைக்கிறது.

அடிப்பது வழக்கமாக ஏழு நாட்களாவது தொடரும். ஆனால் நிறுத்துவதற்கு உரிய அளவுகோல் நாட்காட்டி அன்று, தட்டுதான். தட்டால் ஓங்கி அடித்தால் தளத்தில் தடம் விழக் கூடாது. தட்டு துள்ளி எழ வேண்டும். ஒலியும் ‘தொப்’ என்று அமுங்காமல் ‘டக்’ என்று தெளிவாகக் கேட்கும். அந்த நிலையில் மேலே திரண்டு வந்த சுண்ணாம்புப் பாலைக் கரணையால் தேய்த்து மெருகேற்றுவர்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையே நீர் புகுவதற்கு எளிதான இடம். அங்கே சுவரில் சிறு காடி எடுத்து, தளத்தை அதனுள் செலுத்தி, மூலையை வளைவாகப் பூசி முடிக்க வேண்டும். தளத்தைச் சில நாட்கள் ஈரமாக வைத்திருந்து, பின்னர் நன்றாக உலரவிட வேண்டும். உலர்வதற்கு முன் தட்டோட்டைப் பதித்துவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபடும். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டோடுகளை நீரில் ஊறவைத்து, 1:3 சிமெண்ட் சாந்தில் நீர்த்தடுப்புப் பொருள் கலந்து பதிப்பர். இணைப்புகள் முழு ஆழத்திற்கும் நிரம்ப வேண்டும்.

மொத்த வேலைக்கும் இடையில் மழை வரக் கூடாது. வடகிழக்குப் பருவமழை பெறும் மாவட்டங்களில் பொங்கலுக்குப் பிறகு தொடங்குவது பொருத்தமாக இருக்கும். கோடை உச்சத்தில் செய்தால் கலவை அடிபடும் முன்பே காய்ந்துவிடும்; அடிக்கடி நனைத்து, சாக்கு போட்டு மூடிப் பாதுகாக்க வேண்டியிருக்கும்.

வெப்பத்தைக் குறைக்கும் அளவு

ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதில் கடத்துகிறது என்பதை ஓர் எண்ணால் குறிப்பர். கான்கிரீட்டுக்கு இது சுமார் 1.58, சுண்ணாம்புத் தளத்துக்குச் சுமார் 0.73 (W/mK என்ற அலகில்). அதாவது, கான்கிரீட் கடத்துவதில் பாதிக்கும் குறைவாகவே இது கடத்துகிறது. கனத்தை இந்த எண்ணால் வகுத்தால் வெப்பத் தடை கிடைக்கும். 120 மில்லிமீட்டர் கான்கிரீட்டின் தடை 0.12 ÷ 1.58 = 0.076. 85 மில்லிமீட்டர் சுருக்கித் தளத்தின் தடை 0.085 ÷ 0.73 = 0.116. ஆகவே தளமிட்ட பின் கூரையின் தடை ஒன்றிலிருந்து இரண்டரை மடங்காக உயர்கிறது.

இதன் எல்லையையும் அறிய வேண்டும். வெப்பம் தடுப்பதற்கென்றே செய்யப்படும் நுரைப் பலகையின் கடத்தும் எண் சுமார் 0.035. அது 50 மில்லிமீட்டர் கனத்திலேயே 1.4-க்கு மேல் தடை தரும். அதனோடு ஒப்பிட்டால் சுருக்கித் தளத்தின் தடை சிறியது. அதன் பயன் பெரும்பாலும் வெப்பத்தைத் தாமதப்படுத்துவதில் இருக்கிறது. நண்பகல் வெப்பத்தைத் தளம் தன்னுள் வாங்கிக்கொண்டு, சில மணி நேரம் கழித்தே கீழே விடுகிறது. பகலில் அறை தணிவாக இருப்பதும், இரவு படுக்கும் நேரத்தில் கூரை இன்னும் வெதுவெதுப்பாக இருப்பதும் இதனால்தான். தட்டோட்டின் மேல் ஆண்டுதோறும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் தளம் ஏற்கும் வெப்பமே குறையும்.

தளம் நனைந்துவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். வெப்பத்தைத் தடுப்பது செங்கல்லின் நுண்துளைகளில் அடங்கியுள்ள காற்று. அத்துளைகளில் நீர் நிரம்பினால், காற்றைவிடப் பல மடங்கு வெப்பம் கடத்தும் பொருள் அங்கே வந்து அமர்கிறது.

பிழைகளும் அடையாளங்களும்

இக்காலத்தில் மிகுதியாகக் காணப்படும் பிழை, சுண்ணாம்புக்குப் பதிலாகச் சிமெண்டையும் மணலையும் செங்கல் ஜல்லியில் கலந்து, ஒரே நாளில் பரப்பி, மறுநாளே தட்டோடு பதிப்பது. நல்ல சுண்ணாம்பும் அடிப்பதற்கு ஆட்களும் கிடைப்பது அரிதாகிவிட்டதே இதற்குக் காரணம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சிமெண்டை அடிக்க நேரம் இல்லாததால் ஜல்லிகளுக்கிடையே சந்துகள் நின்றுவிடுகின்றன. தட்டோட்டு இணைப்பில் மயிரிழை வெடிப்பு ஒன்று விழுந்தாலும், மழைநீர் அதன் வழியே இறங்கி, இச்சந்துகளில் பரவித் தேங்கும். வெயில் அதனை மேலே இழுக்க முடியாது. தட்டோடு தடுத்து நிற்கும். நீர் செல்லக்கூடிய ஒரே வழி கூரைக்குள் இறங்குவதுதான். அங்கே கம்பி துருப்பிடித்து வீங்கி, அடிக் கான்கிரீட்டைப் பெயர்த்து விழச் செய்கிறது.

சுண்ணாம்பும் ஆட்களும் கிடைக்காத இடத்தில், பெயருக்குச் சுருக்கி போடுவதைவிட, கூரையின் மேல் தனியாக நீர்த்தடுப்புப் பூச்சு செய்து, சரிவுக்கு மெல்லிய சிமெண்ட் தளமும் வெப்பத்துக்கு வேறு அடுக்கும் அமைப்பது மேல்.

ஏற்கெனவே உள்ள தளத்தின் நிலையைச் சில எளிய அடையாளங்களால் அறியலாம். மழை நின்று ஒரு மணி நேரத்திற்குப் பின்னும் நீர் தேங்கியிருந்தால் சரிவு தவறியிருக்கிறது. தட்டோடுகளைச் சிறு கோலால் தட்டும்போது சில இடங்களில் வெற்றொலி கேட்டால், அங்கே தட்டோடு தளத்தை விட்டு எழும்பியிருக்கிறது. இணைப்புகளில் வெள்ளை உப்புப் பூத்தல், உள்ளே நீர் நடமாடுவதைக் காட்டும். மழை விட்டு இரண்டு மூன்று நாட்களான பின்னும் அறையின் மேற்கூரையில் ஈரக்கறை விரிந்துகொண்டே போனால், தளம் நீரைத் தேக்கி வைத்திருக்கிறது என்று பொருள்.

ஈரக்கறை தெரியும் இடத்திற்கு நேர்மேலேதான் ஓட்டை இருக்கும் என்று கருதக் கூடாது. நீர் ஓரிடத்தில் புகுந்து, தளத்திற்குள் சரிவின் வழியே நகர்ந்து, கான்கிரீட்டில் பலவீனமான வேறோர் இடத்தில் இறங்கும். ஆகவே கறையிலிருந்து முகட்டை நோக்கி மேலேறித் தேட வேண்டும். குறிப்பாகக் கைப்பிடிச் சுவர் மூலைகளையும் குழாய்கள் கூரையைத் துளைத்துச் செல்லும் இடங்களையும் பார்க்க வேண்டும்.

பழைய தளம் கெட்டுவிட்டால், அதன் மேலேயே இன்னொரு தளம் போடுவது இருவகையில் தவறு. ஈரம் நடுவில் அடைபடுகிறது. கூரையின் மீது பல டன் சுமையும் கூடுகிறது. பழையதை முழுவதும் பெயர்த்து இறக்கி, கான்கிரீட்டை உலரவிட்டு, அதன் குறைகளைச் சரிசெய்த பின்னரே புதிய தளம் இட வேண்டும். குறை தட்டோட்டு இணைப்பில் மட்டும் இருந்தால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கோடையில் தளம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது அந்த இணைப்புகளைக் கீறி எடுத்துப் புதிதாக அடைத்து, வடிகுழாய் வாய்களைத் துப்புரவு செய்தால் போதும்.